கல்யாணத்துக்கு முன் தோழிகளோடு ஒரு சின்னப் பயணம்: பெங்களூரிலிருந்து கிளம்புபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கல்யாணத்துக்கு எத்தனை நாள் முன்னால் போகலாம்? கடைசி வாரம் போனால்தான் ஜாலியாக இருக்கும் என்கிறாள் ஒருத்தி.

மூன்றிலிருந்து ஐந்து வாரம் முன்னால் போய்விடுங்கள். கடைசி வாரத்தில் மணப்பெண் உங்கள் கையில் இருக்க மாட்டாள். பந்தக்கால் நட்டுவிட்டால் பல வீடுகளில் பெண்ணைத் தெருமுனைக்குக்கூடத் தனியாக அனுப்ப மாட்டார்கள், வெளியூர் பற்றிப் பேசவே வேண்டாம். அப்படியே அனுப்பினாலும் பாதி நேரம் அவள் பிளவுஸ் தைப்பவரோடும் மண்டபத்துக்காரரோடும் போனில்தான் இருப்பாள். வெயிலில் முகம் கறுத்தாலோ வயிறு கெட்டாலோ சரியாவதற்கும் இரண்டு வாரமாவது வேண்டும்.

அந்த மூன்று வாரத்துக்குள் இன்னொரு சிக்கலும் உண்டு: பத்திரிகை வைக்கும் ஞாயிற்றுக்கிழமைகள். சொந்தக்காரர்கள் எல்லாரும் வீட்டில் இருக்கும் நாள் அதுதான் என்பதால், பெண்ணின் அம்மா ஒவ்வொரு ஞாயிறுக்கும் ஒரு பட்டியல் போட்டு வைத்திருப்பார். அதனால் தேதியைத் தோழிகளிடம் கேட்பதற்கு முன் அம்மாவிடம் கேளுங்கள். "ஆன்ட்டி, அந்த ஒரு ஞாயிறை மட்டும் எங்களுக்கு விட்டுடுங்க" என்று ஒன்றரை மாதம் முன்பே சொன்னால் விட்டுவிடுவார். பத்து நாள் முன்னால் சொன்னால் மாட்டார், அவர் பக்கம் நியாயமும் இருக்கிறது.

ஆவணியில் கல்யாணம். ஆடியில் பயணம் போனால் யாராவது ஏதாவது சொல்வார்களா?

சொல்ல ஒன்றும் இல்லை. ஆடியில் முகூர்த்தம் வைப்பதில்லை, அவ்வளவுதான். பணக் கணக்கில் பார்த்தால் ஆடிதான் நமக்குத் தோதான மாதம். கோடை விடுமுறைக் கூட்டம் வடிந்திருக்கும், அறை வாடகையும் இறங்கியிருக்கும். ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி வரும் நீண்ட வார இறுதியை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

ஆனால் ஆடியில் குடகு, சக்லேஷ்பூர், சிக்மகளூர் பக்கமெல்லாம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். காப்பித் தோட்டத்துக்குள் நடந்தால் காலில் அட்டை ஏறும், மண்சரிவு நடந்தால் சாலையை மூடிவிடுவார்கள். கிழக்கே இருக்கும் ஏலகிரி, ஏற்காடு பக்கம் அந்த மழை அவ்வளவு கடுமையாக இருக்காது. கீழே வரும் கணக்கெல்லாம் ஏலகிரியை வைத்துப் போட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

தையில் கல்யாணம் என்றால் பயணம் மார்கழியில் விழும். அப்போது நிலைமை தலைகீழ். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை மலைமேல் எந்த வீடும் நியாயமான விலைக்குக் கிடைக்காது. டிசம்பர் நடுப்பகுதியிலேயே போய்விட்டு வந்துவிடுங்கள். ஜனவரி இரண்டாம் வாரம் என்று திட்டமிட்டால் பொங்கல் கூட்டத்தில் ரயில் டிக்கெட் கிடைப்பது கஷ்டம்.

எட்டுப் பேர் இருக்கிறோம். கூர்க்கா, ஊட்டியா, ஏலகிரியா? எல்லாருக்கும் கூர்க் ஆசை.

எந்த ஊர் என்பதை விட்டுவிட்டு, ரோட்டில் எத்தனை மணி நேரம் என்று கேட்டுப் பாருங்கள், முடிவு தானாக வந்துவிடும்.

கூர்க்கில் இருக்கும் மடிக்கேரி பெங்களூரிலிருந்து 260 கிலோமீட்டருக்கு மேல். சனிக்கிழமை காலை ஊரைத் தாண்டவே நேரமாகும், மதியச் சாப்பாட்டுக்குத்தான் போய்ச் சேருவீர்கள். ஞாயிறு மதியம் மறுபடி வண்டி ஏற வேண்டும். எட்டுப் பேருக்கு 12 சீட் டெம்போ டிராவலர் பிடிப்பீர்கள். வெளியூர் என்றால் ஒரு நாளைக்குக் குறைந்தது 250 அல்லது 300 கிலோமீட்டருக்குக் காசு கொடுத்தே ஆக வேண்டும், ஓடினாலும் ஓடாவிட்டாலும். கிலோமீட்டருக்கு 20 ரூபாய், நாளுக்கு 300 கிலோமீட்டர் என்று வைத்தால் இரண்டு நாளைக்கு 12,000. டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங் எல்லாம் தனி. மீட்டர் உங்கள் வீட்டு வாசலில் ஆரம்பிக்காது, அவர்கள் ஷெட்டில் ஆரம்பித்து ஷெட்டில் முடியும். ஆக, வண்டிக்கு மட்டும் 14,000 போய்விடும்.

ஊட்டிக்கு இன்னும் இரண்டு சங்கடங்கள். பந்திப்பூர் காட்டு வழியில் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை வண்டிகளை விட மாட்டார்கள். வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடித்துக் கிளம்புகிறவர்கள் செக்போஸ்டில் மாட்டிக்கொள்வது இதனால்தான். மேலும் 2024 மே மாதத்திலிருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் இ-பாஸ் எடுக்க வேண்டும்.

ஏலகிரிக்கு ரயில் இருக்கிறது. ஜோலார்பேட்டையில் இறங்கினால் மலைமேல் போக ஒரு மணி நேரம்கூட ஆகாது. காலை ஆறு மணியைத் தாண்டி பெங்களூரிலிருந்து கிளம்பும் லால்பாக் எக்ஸ்பிரஸில் ஏறினால் ஒன்பது மணிக்குள் ஜோலார்பேட்டை. கண்டோன்மென்டிலோ கே.ஆர்.புரத்திலோ ஏறிக்கொள்ளலாம், எல்லாரும் மெஜஸ்டிக் வர வேண்டியதில்லை. திரும்பும்போது அதே பெயருள்ள ரயில் மாலை ஆறு மணி சுமாருக்கு ஜோலார்பேட்டை வரும், இரவு ஒன்பது மணிக்கு மேல் பெங்களூர். நேரத்தை டிக்கெட் போடும்போது ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

உண்மையைச் சொன்னால் ஏலகிரியில் பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. 1,100 மீட்டர் உயரம், புங்கனூர் ஏரி, அதில் படகு, சுவாமிமலைக்கு ஒரு நடை, வேலவன் கோயில். இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். அதுதான் எனக்கு அதில் பிடித்தது. பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் நீளமாக இருந்தால் பயணம் முழுக்க யாராவது ஒருத்தி "சீக்கிரம் கிளம்புங்கடி" என்று கத்திக்கொண்டே இருப்பாள்.

சனி, ஞாயிறுதான் எல்லாருக்கும் லீவ். வேறு வழி உண்டா?

ஞாயிறு காலை போய்த் திங்கள் மாலை திரும்புங்கள். ஆளுக்கு ஒரே ஒரு நாள் லீவ். வார இறுதிக்கு வந்தவர்கள் ஞாயிறு மதியம் இறங்கும்போது நீங்கள் ஏறியிருப்பீர்கள். சனிக்கிழமை இரவு 14,000 சொல்லும் மூன்று படுக்கையறை வீட்டை ஞாயிறு இரவுக்கு 9,000-க்குப் பேச முடியும். திங்கட்கிழமை ஏரிக்கரையும் காலியாக இருக்கும்.

இதில் ஒரு குறை உண்டு. சனி இரவு தங்கியவர்கள் பதினொரு மணிக்குத்தான் காலி செய்வார்கள், உங்களுக்கு அறை பன்னிரண்டுக்கு மேல்தான் கிடைக்கும். நீங்கள் பத்து மணிக்கே மேலே இருப்பீர்கள். பையை மட்டும் வைத்துவிட்டு முகம் கழுவ ஒரு அறை தர முடியுமா என்று முன்கூட்டியே கேட்டு வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த இரண்டு மணி நேரத்தில் ஏரியை முடித்துவிடலாம், அப்புறம் வெளியே போகவே வேண்டாம்.

மொத்தம் எவ்வளவு ஆகும்? கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

எட்டுப் பேர், அதில் ஒருத்தி மணப்பெண், காசு போடுவது ஏழு பேர் என்று வைத்துக்கொள்வோம். விலைகள் ஏறி இறங்கும், போடும் முறையைப் பாருங்கள்.

ரயிலில் செகண்ட் சிட்டிங் சுமாராக 100 ரூபாய், எட்டுப் பேருக்குப் போக வர 1,600. ஜோலார்பேட்டையிலிருந்து மேலே போக ஒரு வேன், திரும்பி இறங்க ஒரு வேன், தடவைக்கு 1,500 என்றால் 3,000. இந்த வேனைத் தங்கும் இடத்துக்காரரையே ஏற்பாடு செய்யச் சொல்வது நல்லது, ஸ்டேஷன் வாசலில் எட்டுப் பெண்கள் பெட்டியோடு நின்று பேரம் பேசினால் விலை நம் கையில் இருக்காது.

தங்க 9,000. இதில் வரியைக் கவனியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், ஓர் அறைக்கு ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை இருந்தால் ஜிஎஸ்டி 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18 சதவீதம். முழு வீட்டையும் ஒரே அலகாக 9,000-க்கு வாடகைக்கு விடுகிற இடத்தில் பில் 10,620 வரும். அதே 9,000-க்கு அறைக்கு 3,000 என்று மூன்று அறைகளாக விடும் காட்டேஜில் 9,450-தான். அதனால் விலை கேட்கும்போது "வரியோடு சேர்த்து மொத்தம் எவ்வளவு" என்று கேளுங்கள். ஜிஎஸ்டி பதிவு அவசியமில்லாத சின்ன ஹோம்ஸ்டேக்காரரிடம் நேரடியாகப் பேசினால் வரி இருக்காது, அதே வீட்டை ஆப் மூலம் போட்டால் இருக்கும். நாம் 9,450 என்றே எடுத்துக்கொள்வோம்.

சாப்பாடு: ஞாயிறு காலை இட்லி, காப்பி 800. மதியம் வாணியம்பாடியிலிருந்தோ ஆம்பூரிலிருந்தோ வரவழைத்த பக்கெட் பிரியாணி 2,500. இரவு அந்த வீட்டுச் சமையல்காரம்மா கையால், ஆளுக்கு 250 வீதம் 2,000. மறுநாள் காலை 960, மதியம் 1,600, இடையில் டீ, பஜ்ஜி, பலாச்சுளை என்று 800. கூட்டினால் 8,660.

படகு, உள்ளூர் ஆட்டோ 1,000. மல்லிகைப் பூ, மருதாணி, ஒரு கேக் 1,500.

எல்லாம் சேர்த்து 25,210. அதன்மேல் பத்து சதவீதம், அதாவது சுமார் 2,500, கைக்காவலாக வையுங்கள். 27,710-ஐ ஏழால் வகுத்தால் 3,958 சொச்சம். ஆளுக்கு 4,000 என்று முடித்துவிடலாம். கூர்க் என்றால் வண்டிச் செலவே ஆளுக்கு 2,000 ஆகியிருக்கும், இங்கே ரயிலும் வேனும் சேர்ந்து 660 கூட வராது.

மணப்பெண்ணின் பங்கை யார் கொடுப்பது?

பயணம், தங்கல், சாப்பாடு மூன்றையும் தோழிகள் ஏற்பது முறை. ஏழு பேருக்குள் பிரித்தால் ஆளுக்கு 400, 500 ரூபாய்தான் கூடும். அவள் தனக்கு வாங்கும் தேன் பாட்டிலுக்கு அவளே கொடுக்கட்டும். ஆனால் மூன்று, நான்கு பேர்தான் போகிறீர்கள் என்றால் அவள் பங்கு சுமையாகிவிடும். அப்போது அவளும் தன் பங்கைப் போடட்டும், சாப்பாட்டை மட்டும் நீங்கள் பாருங்கள்.

ஒருத்திக்குப் பணக் கஷ்டம் என்று தெரியும். குரூப்பில் கேட்டால் "ஓகே" என்றுதான் சொல்வாள்.

குரூப்பில் கேட்காதீர்கள். "ஆளுக்கு ஐயாயிரம், எல்லாருக்கும் ஓகேயா?" என்ற கேள்விக்கு ஆறு பேர் கட்டைவிரல் காட்டிய பிறகு ஏழாவது ஆள் மறுக்க முடியாது. அவள் அப்போது சரி என்பாள், கடைசி வாரம் "மாமியாருக்கு உடம்பு சரியில்லை" என்பாள். பணம் போடும் நாளை மூன்று முறை தள்ளிப்போடுவது அதற்கு முன்பே தெரியும் அறிகுறி.

ஏற்பாட்டை எடுத்துச் செய்பவள் ஒவ்வொருத்தியையும் தனித்தனியாக போனில் கூப்பிட்டு, "உன்னால் இந்த மாதம் எவ்வளவு முடியும்?" என்று ஒரு தொகையைக் கேட்டு வாங்க வேண்டும். வருகிற தொகைகளில் குறைந்தது எதுவோ அதுதான் பயணத்தின் அளவு. 3,000 என்று ஒருத்தி சொன்னால் சராசரி போடாதீர்கள், 3,000-க்குள் பயணத்தைச் சுருக்குங்கள்: மூன்று அறைக்குப் பதில் இரண்டு பெரிய அறையும் கூடுதல் மெத்தையும், வேனுக்குப் பதில் திருப்பத்தூர் பக்கமிருந்து மலையேறும் பஸ். வசதியுள்ளவள் கூடப் போட விரும்பினால் கேக்கையும் பூவையும் அவள் பேரில் எழுதிவிடுங்கள், கணக்கில் யார் யாருக்கு உதவினார்கள் என்று தெரியாது.

எல்லாரிடமும் பணம் எப்போது வாங்குவது? கடைசி நேரத்தில் ஒருத்தி வரவில்லை என்றால்?

செலவை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள். தங்கல், வேன், படகு, பூ, கேக் ஆகியவை ஆள் குறைந்தாலும் குறையாதவை. நம் கணக்கில் அது 14,950. ரயிலும் சாப்பாடும் தலைக்கு இவ்வளவு என்பவை.

ஏழு பேர் போட்டால் குறையாத செலவு ஆளுக்கு 2,136. ஒருத்தி விலகினால் மீதி ஆறு பேருக்கு 2,492, அதாவது ஆளுக்கு 356 கூடுகிறது. அதனால் அட்வான்ஸ் கட்டுமுன் ஆளுக்கு 2,200 வாங்கிவிடுங்கள், அது திரும்ப வராது என்று அப்போதே சொல்லிவிடுங்கள். மீதி 1,800-ஐக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன் வாங்கினால் போதும். விலகுகிறவள் அந்த 1,800-ஐக் கொடுக்க வேண்டாம். இதைத் தொடக்கத்திலேயே எழுதி வைத்துவிட்டால் அப்புறம் முகம் பார்த்துப் பேச வேண்டியிருக்காது. வீட்டில் யாருக்காவது நிஜமாகவே உடம்பு முடியவில்லை என்றால் கைக்காவல் 2,500-லிருந்து பார்த்துக்கொள்ளலாம், அது உங்கள் மனசு.

ரயில் டிக்கெட்டில் கவனிக்க ஏதாவது?

முன்பதிவு 60 நாள் முன்னால் திறக்கும். 2024 நவம்பருக்கு முன் 120 நாளாக இருந்தது, பழைய கணக்கில் இருப்பவர்கள் குழம்பிவிடுவார்கள். ஒரு பிஎன்ஆரில் ஆறு பேர்தான் போட முடியும், எட்டுப் பேருக்கு இரண்டாகப் போடுங்கள். ஆறும் இரண்டுமாகப் போட்டால் அந்த இரண்டு பேர் வேறு பெட்டிக்குப் போய்விடலாம், நான்கும் நான்குமாகப் போடுங்கள்.

விலகியவளின் டிக்கெட்டில் வேறு தோழி போக முடியாது. பெயர் மாற்றம் நெருங்கிய குடும்பத்தாருக்குத்தான். செகண்ட் சிட்டிங்கில் சில நாள் முன்பே ரத்து செய்தால் சின்னத் தொகைதான் பிடிப்பார்கள், ரத்து செய்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள்.

ஆன்லைனில் பார்த்த வீடு நம்பகமானதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மேப்பில் இடத்தைத் தேடி, அங்கே வந்துபோனவர்கள் போட்ட படமும் விளம்பரப் படமும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பிறகு வீடியோ கால் போட்டு வாசலிலிருந்து நடந்து காட்டச் சொல்லுங்கள். மறுக்கிறார், அல்லது "இன்னொரு பார்ட்டி கேட்கிறாங்க, இப்பவே முழுப் பணமும் போடுங்க" என்று அவசரப்படுத்துகிறார் என்றால் விட்டுவிடுங்கள். யுபிஐயில் வரும் பெயர் பேசுகிற ஆளோ அந்த இடமோ இல்லாமல் வேறாக இருந்தாலும் அப்படியே.

நம்பகமான இடத்திலும் பில் வீங்குவது சில்லறை வகைகளில்தான். கூடுதல் மெத்தை, கேம்ப் ஃபயர், ஸ்பீக்கர், சமையலறை, கேஸ் சிலிண்டர், டிரைவர் தங்க இடம், ஒவ்வொன்றுக்கும் தனி விலை இருக்கலாம். ஜெனரேட்டர் உண்டா, இரவு எத்தனை மணிக்குப் பாட்டை நிறுத்தச் சொல்வார்கள் என்பதையும் கேளுங்கள்.

பெங்களூரிலிருந்து இரண்டு பாட்டில் எடுத்துப் போகலாமா?

வேண்டாம். கர்நாடகச் சரக்கைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டுபோனால் போலீஸ் பறிமுதல் செய்யும், வழக்கும் வரலாம். கல்யாணப் பெண்ணோடு போகும்போது அந்த வம்பு எதற்கு.

கல்யாணப் பெண்ணுக்கு மேலே ஏறும்போது வாந்தி வருமே?

பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் பாரி, கபிலர், ஔவையார் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், படித்துக்கொண்டே போனால் கவனம் திரும்பும். அவளை முன் சீட்டில் உட்கார வைத்து, ஜோலார்பேட்டையில் இரண்டு இட்லியோடு நிறுத்துங்கள். மீதி டிபன் மேலே போய்.

அங்கே போய் என்ன செய்வது? கேம்ஸ், தீம், ஒரே நிறச் சுடிதார் எல்லாம் ஏற்பாடு பண்ணட்டுமா?

ஒரே நிறச் சுடிதார் என்றாலே ஆளுக்கு 1,000 ரூபாய் ஏறிவிடும், அப்புறம் யாரும் போட மாட்டார்கள். ஏற்கெனவே எல்லாரிடமும் இருக்கும் நிறம் ஒன்றைச் சொல்லுங்கள், மஞ்சள் இல்லாத வீடு இல்லை.

ஒரு நாளைக்கு ஒரே ஒரு திட்டம் போதும். ஞாயிறு மாலை மருதாணி, திங்கள் காலை நடை. மருதாணி இலை கிடைத்தால் அரைத்து வையுங்கள், உள்ளங்கையில் ஒரு வட்டமும் விரல் நுனிகளும் போதும், கல்யாணத்துக்குள் நிறம் போய்விடும். சட்டென்று கறுப்பாகப் பிடிக்கும் கோன்கள் வேண்டவே வேண்டாம். அவற்றில் தலைமுடிச் சாயத்தில் இருக்கும் பிபிடி என்ற ரசாயனத்தைச் சேர்ப்பதுண்டு, ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக் கை கொப்பளித்து வடு விழும். புது ஃபேஸ்பேக், புது க்ரீம் எதையும் அவள் முகத்தில் சோதித்துப் பார்க்காதீர்கள்.

படம் எடுக்க ஒருத்தியை வைத்துவிட்டு மற்றவர்கள் போனை ஓரமாக வைத்துவிடலாம். மணப்பெண்ணின் போனை அவள் தங்கையிடம் கொடுத்து, மண்டபத்துக்காரர் கூப்பிட்டால் மட்டும் தரச் சொல்லுங்கள்.

கைக்காவல் பணம் மிச்சமானால்?

திங்கள் இரவு ரயிலிலேயே கணக்கை முடித்து, பில் படங்களோடு குரூப்பில் போட்டுவிட்டு, ஆளுக்கு வரவேண்டியதைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். "கல்யாண கிஃப்டுக்கு வச்சுக்கலாம்" என்று ஒருத்தி சொல்வாள். கிஃப்ட் கணக்கு வேறு, அதற்குத் தனியாகக் கேளுங்கள்.